அப்பத்தாவின் புளிக்குழம்பும் இரண்டு மைக்குகளும்

கோயம்புத்தூர் விடுதியில் தங்கிப் படிக்கும் பேத்திக்குப் புளிக்குழம்பு வைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் 71 வயது அப்பத்தா, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியே அதைச் சொல்லிப் பார்த்தார். ஆனால் அடுப்பை மூட்டிவிட்டு, எந்த நிமிடத்தில் உப்பு, எந்த நிமிடத்தில் வெந்தயம் என்று ஒலிப்பதிவைத் தள்ளித் தள்ளிக் கேட்பது பேத்திக்குப் பெரும்பாடாக இருந்தது. "எழுதி அனுப்புங்க அப்பத்தா, பாத்துப் பாத்துச் செய்வேன்" என்றாள்.

அப்பத்தாவுக்கு எழுத்து புதிதல்ல. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வெளியூரில் இருந்த கணவருக்கு இன்லேண்ட் நிறைய நுணுக்கி எழுதியவர். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்பே பள்ளியை விட்டு வந்ததால், கையால் எழுதும்போது 'லை'க்கு இன்றும் துதிக்கை போட்டுத்தான் எழுதுவார். அப்படிப்பட்டவரைப் போன் திணறவைத்தது.

விடுமுறைக்கு வந்த பேத்தி முதலில் போனிலேயே இருந்த கூகுள் கீபோர்டில் தமிழைச் சேர்த்து, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறையை அமைத்துக் கொடுத்தாள். amma என்று அடித்தால் அம்மா வரும். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. அப்பத்தாவுக்கோ ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் முதலில் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது. தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர், தெரியாத மொழியைச் சுற்றிக்கொண்டு தமிழுக்கு வர வேண்டிய நிலை. பெரியவர்கள் பலர் தமிழ்த் தட்டச்சைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். அதை வயதின் குறை என்று சொல்வது நியாயமில்லை.

அடுத்து, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியை இறக்கி, அதில் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தாள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்வரிசை வலப்பக்கம். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை தேவையில்லை. 'க' அடித்து 'இ' அடித்தால் 'கி' வந்துவிடும்.

இங்கேதான் அப்பத்தாவின் கை முரண்டு பிடித்தது. 'கொ' எழுத அவர் முதலில் கொம்பைத் தேடினார். தாளில் அப்படித்தானே எழுதுகிறோம்: கொம்பு, பிறகு க, கடைசியில் கால். போனுக்கு அந்த வரிசை கிடையாது. யூனிகோடு முறையில் முதலில் மெய்வரிசை எழுத்து, அடுத்து உயிர்க்குறி என்றுதான் எழுத்து சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிந்தாலும் உள்ளே 'க'தான் முதலில் இருக்கிறது. அதனால்தான் 'கொ'வை அழிக்க ஒருமுறை தட்டினால் கொம்பும் காலும் சேர்ந்து மறைந்து 'க' மட்டும் நிற்கிறது.

"கண்ணால பாக்காதீங்க, வாயால சொல்லிப் பாருங்க. க், ஒ... கொ. அப்புடியே அடிங்க" என்றாள் பேத்தி. அந்தச் சொல் வேலை செய்தது. ஒலியைப் பிரிக்கப் பிரிக்க விசைகள் பிடிபட்டன. கொத்தமல்லி என்ற சொல்லுக்கு க, ஒ, த, த, ம, ல, ல, இ என்று எட்டுத் தட்டு. ஒரே எழுத்து இரண்டுமுறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். இஞ்சிக்கும் அப்படியே: இ, ஞ, ச, இ என்றால் போதும்; 'ஞ'வுக்குப் பின் 'ச' வந்தால் புள்ளியைக் கருவியே வைத்துக்கொள்ளும்.

பேத்தி ஊருக்குத் திரும்பியபின் அப்பத்தா தினமும் கொஞ்சம் அடித்துப் பழகினார். ஒருநாள் விரல் தவறிச் செல்லினத்திலிருந்து பழைய கூகுள் கீபோர்டுக்கு மாறிவிட்டது. சரி, பேசியே அனுப்பிவிடுவோம் என்று எண்ணி மைக் படத்தைத் தொட்டார். தொட்டது வாட்ஸ்அப்பின் மைக்கை அல்ல. விசைகளுக்கு மேலே, கீபோர்டின் வலது ஓரத்தில் இருந்த மைக்கை. "ஏ தாயி, சாப்பிட்டியா" என்று கேட்டார். கேட்டது திரையில் எழுத்தாக வந்து நின்றது.

இரண்டு மைக்கும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரிவதில்லை. வாட்ஸ்அப்பின் மைக் குரலைக் குரலாகவே அனுப்பும். கீபோர்டின் மைக் குரலை எழுத்தாக்கிப் பெட்டிக்குள் வைக்கும். அனுப்புவதற்கு முன் திருத்திக்கொள்ளலாம். கூகுள் இந்தக் குரல் தட்டச்சைத் தமிழுக்குக் கொண்டுவந்தது 2017 ஆகஸ்டில். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இடைவெளி விசையில் 'தமிழ்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும். ஆங்கிலம் இருந்தால், நாம் பேசும் தமிழை ஆங்கிலச் சொற்களாக நினைத்துக்கொண்டு ஏதேதோ எழுதும்.

மறுநாளே குழம்பைச் சொல்ல உட்கார்ந்தார். முதலில் ஒவ்வொரு சாமானாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "புளி" என்றார், திரையில் 'புலி' வந்தது. இன்னும் அழுத்தி, "புளி" என்றார், மறுபடியும் புலி. அலுத்துப்போய், "புளிய ஒரு எலுமிச்சம்பழம் அளவு எடுத்து ஊறப்போடு" என்று ஒரே மூச்சில் சொன்னார். இந்தமுறை புளி சரியாக விழுந்தது.

காரணம் இருக்கிறது. குரலை எழுத்தாக்கும் கருவி காதை மட்டும் நம்புவதில்லை. ஒலியைச் சின்னஞ்சிறு துண்டுகளாக்கி, எந்தெந்தச் சொற்களாக இருக்கலாம் என்று முதலில் ஊகிக்கிறது. பிறகு, இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வருவது வழக்கம் என்று, முன்பு படித்த ஏராளமான தமிழ் வாக்கியங்களை வைத்துத் தேர்ந்தெடுக்கிறது. ல, ள, ழ மூன்றையும் தெளிவாகப் பிரித்து ஒலிப்பவர்கள் குறைவு. ர, ற இரண்டுக்கும் இன்றைய பேச்சில் பெரும்பாலும் வேறுபாடே இல்லை. ஆகவே தனிச்சொல்லாகச் சொன்னால் கருவிக்குப் பிடிமானம் கிடையாது. எலுமிச்சையும் ஊறப்போடுவதும் பக்கத்தில் இருந்தால் அது புளியாகத்தான் இருக்கும் என்று தெரிந்துகொள்கிறது. நிறுத்தி, அழுத்திப் பேசுவதைவிட முழு வாக்கியமாக இயல்பாகப் பேசுவதே நல்லது.

முழு வாக்கியமும் எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை. 'வறுத்து' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வருத்து' என்று வந்தது. 'வெஞ்சனம்' என்ற மதுரைச் சொல் வேறு ஏதோவாகிவிட்டது. சில பேச்சுச் சொற்களை அது எழுத்துத் தமிழாக மாற்றியது, சிலவற்றை அப்படியே விட்டது. முற்றுப்புள்ளி எங்கேயும் இல்லை. இடையில் யோசிக்க நிறுத்தியபோது மைக் அணைந்துபோனது. மறுபடி தொட வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் அவர் எப்படிச் சரிசெய்தார்? தவறான சொல்லின் மேல் விரலை வைத்து, செல்லினத்துக்கு மாறி, 'ரு'வை அழித்து 'ற', 'உ' என்று தட்டினார். வெஞ்சனத்தை முழுதாக அடித்தார். ஒவ்வொரு வரி முடிவிலும் புள்ளி வைத்தார். தட்டச்சு தெரியாமல் நேராகக் குரலுக்கு வந்திருந்தால், கருவி எழுதியதை அப்படியே அனுப்புவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. பெரியவர்களுக்கு மைக்கை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது போதாது என்பது இதனால்தான். திருத்தத் தெரியும் அளவுக்காவது விசைகளையும் காட்ட வேண்டும்.

இப்போது அப்பத்தா வைத்திருக்கும் வழக்கம் இது. நீளமான சேதிக்கு மைக். ஆட்களின் பெயர், ஊர்ப்பெயர், குலசாமியின் பெயர் வந்தால் விசை. அளவு சொல்லும் இடங்களை அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். 'அரை' என்பது 'அறை' என்று விழுந்திருக்கிறதா என்று அங்கேதான் கண் தேடும். இணையம் மந்தமாகிக் குரல் எழுத்தாகாத நேரத்தில் முழுவதையும் விரலாலேயே அடித்துவிடுகிறார். குழம்பை அடுத்து, பருப்புப் பொடிக்கான குறிப்பு பாதி எழுதப்பட்டுப் போனில் இருக்கிறது. பெருங்காயத்தின் அளவைத்தான் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.