சராசரிக்குள் மறையும் கோளாறு

ஒரு செயலியைத் தினமும் 10,000 பேர் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 75 பேருக்கு அது திடீரென மூடிக்கொள்கிறது, அதாவது 0.75 சதவீதம். கூகுள் பிளே வகுத்துள்ள 1.09 சதவீத வரம்புக்குள்தான் இருக்கிறது. வாராந்திர அறிக்கையில் இந்த ஓர் எண்ணை மட்டும் பார்க்கும் குழு நிம்மதியாக இருந்துவிடும்.

பதிப்புவாரியாகப் பிரித்தால் நிலவரம் வேறு. பழைய பதிப்பில் இருக்கும் 9,000 பேரில் 45 பேருக்குத்தான் சிக்கல்: 0.5 சதவீதம். புதிய பதிப்புக்கு மாறிய 1,000 பேரிலோ 30 பேருக்கு: 3 சதவீதம். இதே வேகத்தில் போனால், எல்லோரும் மாறியபின் தினமும் 300 பேர் தவிப்பார்கள்.

படிப்படியாக வெளியிடும் பதிப்பென்றால் அந்தக் கட்டத்திலேயே வெளியீட்டை நிறுத்திவிடலாம். ஆனால் ஏற்கெனவே மாறிய போன்கள் தாமாகப் பழைய பதிப்புக்குத் திரும்பாது. கோளாறைச் சரிசெய்து, அடுத்த பதிப்பு எண்ணுடன் அனுப்பியே ஆகவேண்டும்.