'நான்' என்றது யார்?

அண்ணன் நான்தான் பணத்தை எடுத்தேன் என்றான்.

திருத்தித் தரச் சொல்லி வந்த ஒரு சிறுகதையில் இந்த வரியில்தான் என் பேனா நின்றது. கதையைச் சொல்பவன் தம்பி. வீட்டில் பணம் காணாமல் போயிருக்கிறது. அண்ணன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்றும் இதைப் படிக்கலாம். தம்பியைக் காட்டிக்கொடுத்தான் என்றும் படிக்கலாம். இலக்கணப்படி இரண்டுமே சரி.

ஓலைச்சுவடிகளில் மேற்கோள் குறி கிடையாது. பேச்சு முடிந்தது என்பதை 'என', 'என்று' போன்ற சொற்களே காட்டிவிடும். குறிகள் அச்சோடு வந்தவை. அதனால் தமிழில் பேச்சை மூடும் குறி பாதி ஒப்புக்குத்தான். பேச்சு எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட நம்மிடம் சொல் இல்லை. திறக்கும் குறிதான் அந்த வேலையைச் செய்கிறது. அண்ணனே எடுத்திருந்தால் இப்படி வரும்:

அண்ணன், "நான்தான் பணத்தை எடுத்தேன்" என்றான்.

தம்பி எடுத்ததாக அண்ணன் சொல்லியிருந்தால் குறியே வேண்டாம். 'பணத்தை எடுத்தது நான்தான் என்று அண்ணன் சொன்னான்' என்று வரிசையை மாற்றினாலும் குழப்பம் போகாது. 'பணத்தை எடுத்தவன் என்று அண்ணன் என்னைக் கைகாட்டினான்' என்று எழுதிவிடுவதுதான் வழி. தன்மையில் சொல்லப்படும் கதையில், குறியில்லாத ஒவ்வொரு 'நான்' மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அதே கதையின் இன்னொரு பத்தி, வந்தபடியே:

அம்மா "எங்கேடா போயிட்டு வர்ற?." என்றாள். நான் "கடைக்கு என்று" சொன்னேன். "பொய் சொல்லாதே!", என்றாள். "தனக்கு எல்லாம் தெரியும்" என்பதுபோல அண்ணன் சிரித்தான்.

கேள்விக்குறியிலேயே ஒரு புள்ளி இருக்கிறது. அதன் பின்னால் இன்னொன்று எதற்கு? 'என்று' பையனின் வாயிலிருந்து வந்த சொல்லன்று, கதைசொல்லியுடையது. அது குறிக்கு வெளியே வர வேண்டும். வியப்புக்குறியை அடுத்த காற்புள்ளியும் போகலாம். அண்ணனின் வரியில் 'தனக்கு' இருப்பதால் அது அயற்கூற்று. யாரும் தன்னைத் 'தனக்கு' என்று சொல்லிக்கொள்வதில்லை. மேற்கோள் குறியை எடுத்துவிட வேண்டும், அல்லது 'எனக்கு' என்று மாற்ற வேண்டும். பேசுபவர் மாறினால் பத்தியும் மாறும்:

அம்மா, "எங்கேடா போயிட்டு வர்ற?" என்றாள்.

"கடைக்கு" என்று சொன்னேன்.

"பொய் சொல்லாதே!" என்றாள்.

தனக்கு எல்லாம் தெரியும் என்பதுபோல அண்ணன் சிரித்தான்.

'கடைக்கு'க்குப் பிறகு காற்புள்ளி இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. குறிக்குள் காற்புள்ளி வைத்து "கடைக்கு," என்று அச்சிடும் பதிப்பகங்களும் இருக்கின்றன. ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து வந்த வழக்கம். 'என்று' பேச்சையும் வினையையும் ஒட்டவைத்துவிடுவதால் அங்கே இடைநிறுத்தம் தேவையில்லை என்பது என் கட்சி. பழைய உரைநடையில் 'வருகிறேனென்றான்' என்று புணர்த்தே எழுதினார்கள். எந்த வழக்கமானாலும் கதை முழுவதும் ஒன்றாக இருந்தால் சரி. முற்றுப்புள்ளி மட்டும் கூடாது. "வேண்டாம். பசியில்லை" என்றாள் என்பதில் உள்ளே வரும் முதல் புள்ளி இருக்கும், கடைசிப் புள்ளி 'என்றாள்' வரை காத்திருக்கும். 'என்றாள்' இல்லாமல், "பசியில்லை." தட்டைத் தள்ளினாள் என்று வந்தால் பேச்சு அங்கேயே முடிகிறது, புள்ளி உள்ளேயே நிற்கும். பேச்சுக்குள் இன்னொருவர் பேச்சு வந்தால் அதற்கு ஒற்றைக் குறி.

இவ்வளவும் கண்ணால் பார்க்க வேண்டிய வேலை. கணினிக்கு விடக்கூடியது குறியின் வடிவம். தட்டச்சில் நேராக விழும் குறியை வேர்ட் தானாகவே வளைக்கும். ஆனால் முன்னால் இடைவெளி இருக்கிறதா என்பதை வைத்தே திசையை முடிவு செய்யும். இடைக்கோட்டை ஒட்டி ஒரு பேச்சு தொடங்கினால், திறக்க வேண்டிய இடத்தில் மூடும் குறி விழுந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க நான் எண்ணிப் பார்ப்பேன். தேடும் பெட்டியில் `“` குறியை ஒட்டி, `Use wildcards` என்பதைத் தேர்ந்து, மாற்றும் பெட்டியில் `^&` என்று கொடுத்து எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால், எழுத்து எதுவும் மாறாமல் எண்ணிக்கை மட்டும் வரும். `”` குறிக்கும் அப்படியே. இரண்டு எண்ணும் பொருந்தாவிட்டால் எங்கோ ஒன்று திரும்பி நிற்கிறது, அல்லது விடுபட்டிருக்கிறது. ஒருவர் பேச்சு பல பத்திகளுக்கு நீண்டால் மட்டும் கணக்கு உதைக்கும்: ஒவ்வொரு பத்தியும் குறியோடு திறக்கும், கடைசிப் பத்தி மட்டுமே மூடும்.

அந்தக் கதையில் திறப்பும் மூடலும் சரியாக இருந்தன. பணம் எடுத்த வரியில்தான் குறியே இல்லை; எந்த எண்ணிக்கையிலும் அது அகப்படாது. கதாசிரியரிடம் போன் போட்டு, "சார், எடுத்தது அண்ணனா தம்பியா?" என்று கேட்டேன்.

"தம்பிதான். ஏன், அது தெரியவில்லையா?" என்றார்.

அண்ணன் பக்கம் குறி வைக்கப் பேனாவைத் திறந்திருந்தேன்.