துளைக்கு நடுவே இருட்டு

சிவப்பு லேசர் ஒளியை விரித்து, இணைகதிராக்கி, 2 மி.மீ. விட்டமுள்ள வட்டத் துளை வழியே அனுப்புகிறார்கள். 79 செ.மீ. தள்ளித் திரை. ஒளிப்பொட்டின் நட்டநடுவில் கரும்புள்ளி! திரையை 1.58 மீட்டருக்கு நகர்த்தினால் அதே இடம் பளிச்சென்று ஒளிர்கிறது.

பாடநூலில் பரிச்சயமான ஃபிரானோஃபர் சூத்திரம் நடுவில் எப்போதும் வெளிச்சம் என்றே சொல்லும். பிழை சூத்திரத்தில் இல்லை, அதைப் பயன்படுத்திய இடத்தில். திரை மிகத் தொலைவில் இருப்பதாக அது வைத்துக்கொள்கிறது. அருகில் இருந்தால் துளையின் விளிம்பிலிருந்தும் மையத்திலிருந்தும் வரும் அலைகளின் பாதை வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கும் ஃபிரனெல் முறைதான் வேண்டும்.

எது பொருந்தும் என்று பார்க்க ஒரே எண் போதும்: N = a²/(λL). a துளையின் ஆரம், λ அலைநீளம், L திரையின் தூரம். இங்கே ஆரம் 1 மி.மீ., அலைநீளம் 633 நானோமீட்டர். 79 செ.மீ.யில் N = 2, நடுவில் இருட்டு. 1.58 மீட்டரில் N = 1, நடுவில் வெளிச்சம். N ஒன்றைவிட மிகச் சிறியதானால்தான் ஃபிரானோஃபர். 0.1 ஆக்கவே திரை 16 மீட்டர் போக வேண்டும். எந்த ஆய்வகத்தில் அவ்வளவு இடம்? குவிலென்ஸ் வைத்து, அதன் குவியத் தளத்தில் திரையை நிறுத்துவதே வழக்கம்.

0.1 மி.மீ. அகலப் பிளவுக்கோ இந்தத் தொல்லையே இல்லை. ஒரு மீட்டரிலேயே N சுமார் 0.004. ஆனால் a என்பது பாதி அகலம். முழு அகலத்தைப் போட்டால் விடை நான்கு மடங்காகிவிடும்.

சந்தேகமிருந்தால் திரையைப் பின்னுக்கு நகர்த்தலாம். வடிவம் மாறாமல் பெரிதாக மட்டும் ஆனால் அது தொலைப்புலம்.