மேல் பக்கம் எது?

வீட்டுக்குப் பின்னால் ஒரு கழிப்பறை கட்டுகிறார்கள். சுவர் ஏழடிக்கு எழுந்துவிட்டது. கதவுக்கு மேல் ஒரு லிண்டல் வைக்க வேண்டும், பக்கத்தில் இரண்டு உறிஞ்சுகுழிகளுக்கு உறை இறக்கி மூடி போட வேண்டும். இவ்வளவு சிறிய வேலைக்குத் தனியாக சென்ட்ரிங் அடித்துக் காத்திருப்பதைவிட, பட்டறையில் வார்த்து இறுகியவற்றை வாங்கிவிடலாம். குழிக்கு நான்கு உறை வீதம் எட்டு உறை, ஒரு லிண்டல், இரண்டு மூடி என்றால் மொத்தம் ஒன்றேகால் டன்னைத் தாண்டும். குட்டியானையில் ஒரே நடையில் ஏற்றக் கூடாத பாரம் இது.

எடையை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது எளிது. கம்பி கட்டிய கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2500 கிலோ. 90 சென்டிமீட்டர் வாசலுக்கு, இருபுறமும் சுவரில் 15 சென்டிமீட்டர் உட்கார, லிண்டல் 120 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். 23 அகலமும் 15 கனமும் இருந்தால் எடை 100 கிலோவுக்குச் சற்று மேல். மூன்றடி உள்விட்டமும் ஓரடி உயரமும் இரண்டங்குலக் கனமும் உள்ள உறையும் ஏறக்குறைய 110 கிலோ வரும்.

தரையில் இரண்டு பேர் எப்படியோ தூக்கிவிடும் லிண்டலை ஏழடி உயரத்துக்கு ஏற்றும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. நான்கு பேர் ஏறினால், ஆளும் லிண்டலும் சேர்ந்து சாரப் பலகையின் மேல் 350 கிலோவுக்கு மேல் நிற்கும். செங்கலை அடுக்கி அதன்மேல் பலகை போட்ட சாரம் இதற்கு ஆகாது. கட்டுமானம் நிறைந்த சந்தாக இருந்தாலும் முக்காலியும் செயின் பிளாக்கும் வைக்க இடம் பண்ணுவது நல்லது.

எப்படித் தூக்குவது என்பது கம்பி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேலே சுவரின் பாரம் ஏறும்போது லிண்டலின் அடிப்பக்கம் இழுபடுகிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் தடித்த கம்பிகளை அடியில் போடுகிறார்கள். மேலே இரண்டு மெல்லிய கம்பிகள் மட்டும் இருக்கும், சில பட்டறைகளில் அதுவும் இருக்காது. இறுகிய பிறகு வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். தலைகீழாக வைத்த லிண்டல் அன்றே உடையாது. சுவர் ஏறி, பூச்சும் முடிந்த பிறகு வாசலின் நடுவில் விரிசல் காட்டும். எனவே கலவை ஈரமாக இருக்கும்போதே ‘மேல்’ என்றும் வார்த்த தேதியையும் கீறிவிடச் சொல்லி வாங்க வேண்டும்.

நடுவில் கயிறு போட்டுத் தூக்கினாலும் இதே தவறுதான். இரு முனைகளும் தொங்க, கம்பி குறைந்த மேல்பக்கம் இழுபட்டு வெடிக்கும். நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 120 சென்டிமீட்டருக்கு முனையிலிருந்து 24 சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு இடத்தில் பெல்ட் போட வேண்டும். அடுக்கும்போது கட்டைகளையும் அதே இடங்களில், ஒன்றின் நேர்மேலே இன்னொன்றாக வைக்க வேண்டும். ஒரே கொக்கியில் மாட்டும் பெல்ட்டுகள் படுக்கையாக விரிந்தால் ஒவ்வொன்றிலும் இழுவை கூடும். தரைமட்டத்திலிருந்து 60 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் கவலை இல்லை.

பட்டறைக்குப் போனால் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பிபிசி சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாளாவது ஈரம் காயாமல் க்யூரிங் வேண்டும், முழு வலு வர 28 நாள் ஆகும். நேற்று வார்த்ததை வெயிலில் காயவைத்து இன்று ஏற்றிவிடும் இடத்தை விட்டுவிடலாம். ஆணியால் கீறினால் மாவாக உதிரக் கூடாது. சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மந்தமான ஓசை உள்ளே பொந்து இருப்பதைக் காட்டும். ஜல்லி தெரிகிற ஓட்டைகளும் வெளியே தெரியும் கம்பியும் இருந்தால் திருப்பிவிட வேண்டும். மேலே மட்டும் சிமெண்ட் பால் பூசிப் பளபளப்பாக்கிய இடங்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் அதன் அடியில்தான் குறை இருக்கும். மேற்பரப்பில் வலைபோல ஓடும் மயிரிழைக் கோடுகள் பெரிய சிக்கல் இல்லை. அகலம் முழுக்கக் குறுக்கே ஓடி, பக்கவாட்டிலும் இறங்குகிற விரிசல் என்றால் வேண்டாம்.

உறைகளுக்கு வேறொரு சோதனை உண்டு. உள்விட்டத்தை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு திசையில் அளக்க வேண்டும். சீக்கிரம் அச்சைக் கழற்றிய உறை முட்டை வடிவமாகிவிடும், ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. இறக்கும்போது குழிக்குள் ஒருவர்கூட நிற்கக் கூடாது. உறை நிலையாக உட்கார்ந்து, பெல்ட் தளர்ந்த பிறகே மட்டம் பார்க்க வேண்டும். உறிஞ்சுகுழியில் இணைப்புகளுக்குக் கலவை பூச வேண்டியதில்லை, நீர் கசிந்து மண்ணில் இறங்கவே அந்தக் குழி.

மூடியை இரண்டு பாதியாக வார்க்கச் சொல்வது உசிதம். 110 சென்டிமீட்டர் விட்டமும் ஏழரை சென்டிமீட்டர் கனமும் உள்ள முழு மூடி 180 கிலோவை நெருங்கும், பாதி என்றால் 90 கிலோ. ஆனால் பாதி மூடியில் முக்கியக் கம்பிகள் நேர்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும், ஏனென்றால் அந்த விளிம்புதான் குழியின் முழு அகலத்தையும் தாண்டி நிற்கிறது. மேலே வண்டி நிற்குமென்றால் இந்தக் கனமும் கம்பியும் போதாது, வார்ப்பதற்கு முன்பே அதைப் பட்டறையில் சொல்லிவிட வேண்டும்.