ஓசன்னா என்று முதலில் கூப்பிட்டவர்கள்

தேவாலயத்துக்குள் கால் வைக்காதவர்களுக்கும் 'ஓசன்னா' தெரியும். 2010-இல் வந்த 'விண்ணைத்தாண்டி வருவாயா' படத்தில் ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த காதல் பாட்டு அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கிறிஸ்தவர்களுக்கு அது குருத்தோலை ஞாயிறின் சொல். கையில் ஓலை பிடித்துப் பவனி போகும்போது பாடுவது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் அந்த நாளையே ஓசான ஞாயிறு என்கிறார்கள். காதல் பாட்டிலும் சரி, பவனியிலும் சரி, அது ஒரு குதூகலக் குரல். பிறந்தபோது அது அப்படி இல்லை.

பழைய எபிரேயத்தில் அது இரண்டு சொற்கள்: ஓஷீஆ, நா. 'ஓஷீஆ' என்றால் காப்பாற்று. 'நா' கெஞ்சலைக் கூட்டும் ஓர் ஒட்டு. 'காப்பாற்றுங்களேன்' என்று நாம் சொல்லும்போது கடைசியில் வரும் ஏகாரம் செய்கிற வேலையை அது செய்யும். இந்த 'ஓஷீஆ'வை அரசனின் காலில் விழுந்தவர்கள் சொன்னார்கள். சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் தெக்கோவா ஊர்ப் பெண் ஒருத்தி தாவீது ராஜாவின் முன் முகங்குப்புற விழுந்து இந்தச் சொல்லோடுதான் தன் வழக்கைத் தொடங்குகிறாள். உண்மையில் அவள் படைத்தளபதி யோவாப் சொல்லிக்கொடுத்து அனுப்பிய ஆள்; அவள் சொன்ன வழக்கு கட்டுக்கதை. நடிக்க வந்தவளே இதைச் சொல்லித் தொடங்கினாள் என்றால், முறையீட்டோடு வருகிற யாரும் வாயைத் திறந்ததும் சொல்வது இதைத்தான் என்று புரிந்துகொள்ளலாம். ராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் இன்னொருத்தி வருகிறாள். சமாரியா நகரம் முற்றுகையில் பட்டினி கிடக்கிறது. மதில்மேல் நடந்துபோகும் ராஜாவைப் பார்த்து அவளும் 'ஓஷீஆ' என்று கதறுகிறாள். கடவுளே காப்பாற்றாதபோது நான் எங்கிருந்து காப்பாற்றுவேன், களத்திலிருந்தா, ஆலையிலிருந்தா என்று கேட்கிறான் அவன். களமும் காலி, திராட்சை ஆலையும் காலி.

அரண்மனை வாசலில் கேட்ட இந்தக் குரல் கோவிலுக்குள்ளும் வந்தது. 118-ஆம் சங்கீதத்தில் அதே வேண்டுதல் கடவுளை நோக்கி, 'நா' என்னும் ஒட்டோடு வருகிறது. எருசலேம் ஆலயத்தில் அதை எப்போது, எப்படிச் சொன்னார்கள் என்பதை கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டநூல் விவரமாகச் சொல்கிறது. கூடாரப் பண்டிகையின்போது எருசலேமுக்குக் கீழே உள்ள மோட்சா என்ற இடத்துக்குப் போய் நீண்ட அலரிக் கிளைகளை வெட்டிவருவார்கள். ஆற்றோரத்தில் வளரும் மரம் அது. கிளைகளின் நுனி பலிபீடத்தின்மேல் வளைந்து தொங்கும்படி சுற்றிலும் நிறுத்துவார்கள். எக்காளம் ஊதும். சங்கீதத்தின் அந்த வேண்டுதலைச் சொல்லிக்கொண்டே தினமும் ஒரு முறை பீடத்தைச் சுற்றுவார்கள். ஏழாம் நாள் ஏழு முறை.

எதிலிருந்து காப்பாற்றச் சொல்லி? இந்தப் பண்டிகை வருவது செப்டம்பர், அக்டோபர் வாக்கில். கோடை முழுக்க ஒரு துளி விழாத அந்த நாட்டில் மழைக்காலம் தொடங்க வேண்டிய நேரம் அது. வருகிற ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கடவுள் தீர்ப்பெழுதுவது இந்தப் பண்டிகையில்தான் என்கிறது மிஷ்னா. ஆக, அலரிக் கிளையோடு சுற்றிவந்த ஓசன்னாவில் பெரும்பகுதி மழைக்கான மன்றாட்டு. பண்டிகையின் ஏழாம் நாளை யூதர்கள் இன்றும் 'ஹோஷனா ரப்பா', பெரிய ஓசன்னா என்கிறார்கள். கையில் பிடிக்கும் அலரிக் கட்டுக்கும் 'ஹோஷனா' என்றே பெயர் வந்துவிட்டது.

வருடா வருடம் ஒரே சொல்லைக் கொண்டாட்டத்தில் சொல்லிக்கொண்டே வந்தால் அதன் கெஞ்சல் மெல்லத் தேயும். தேய்ந்து முடிந்த நிலையைத்தான் சுவிசேஷங்களில் பார்க்கிறோம். இயேசு எருசலேமுக்குள் நுழையும்போது கூட்டம் தாவீதின் குமாரனுக்கு ஓசன்னா என்று முழங்குவதாக மத்தேயு எழுதுகிறார். இலக்கணப்படி பார்த்தால் இது ஒட்டவே ஒட்டாது. 'குமாரனே, காப்பாற்று' என்று சொல்லலாம். 'குமாரனுக்குக் காப்பாற்று' என்று எப்படிச் சொல்வது? சொல் அதற்குள் 'வாழ்க' என்பதுபோல மாறியிருந்தால்தான் அந்த 'க்கு' பொருந்தும். அந்தக் கூட்டத்தில் ரோமர்களிடமிருந்து விடுதலை வேண்டிக் கேட்டவர்களும் இருந்திருக்கலாம் என்று பிரசங்கிகள் சொல்வதுண்டு. இருக்கலாம்தான். ஆனால் எழுத்தில் இருப்பது வாழ்த்து.

லூக்காவிடம் ஒரு வேடிக்கை உண்டு. அதே பவனியை விவரிக்கும் அவர் ஓசன்னாவை அப்படியே விட்டுவிடுகிறார், கிளைகளையும் விட்டுவிடுகிறார். கிரேக்கம் மட்டும் தெரிந்தவர்களுக்காக எழுதியதால் இப்படிச் செய்தார் என்பது பலருடைய கருத்து. மேற்கே போன கிறிஸ்தவர்களுக்கு இந்தச் சொல் உண்மையிலேயே புதிராகத்தான் இருந்தது. 'தாவீது வீட்டின் மீட்பு' என்று பொருள் சொன்னார் இலாரியுஸ் என்ற ஆயர். கி.பி. 383 வாக்கில் ரோமாபுரி ஆயர் தமாசுஸ் விளக்கம் கேட்க, எபிரேயம் கற்ற ஜெரோம் பதில் எழுதினார்: இலாரியுஸ் சொன்னது தவறு, இது 118-ஆம் சங்கீதத்து 'ஓஷீஆ நா'வின் மருவு. இன்று வரை நிற்பது ஜெரோமின் விளக்கம்தான்.

கிரேக்கத்திலிருந்து வந்த 'கீரியே எலெயிசோன்' கதையும் இதற்குப் பக்கத்து வீடு. 'எஜமானே, இரங்கும்' என்பது பொருள். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய சொல்லாக அது பிறக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எபிக்டெட்டஸ் என்ற தத்துவஞானி, சகுனம் பார்க்கப் போகிறவர்கள் குறிசொல்பவரிடம் இதே சொற்களைச் சொல்லிக் கெஞ்சுவதைக் கிண்டல் செய்கிறார். எரிகோ சாலையோரக் குருடர்கள் இயேசுவைக் கூப்பிட்டதும் இதைச் சொல்லித்தான். மத்தேயுவில் அந்தக் காட்சி முடிந்ததும் அடுத்து வருவது ஓசன்னாப் பவனி.

ஓசன்னா முறையீடு என்றால் ஆமென் கையெழுத்து. 'அ-ம-ன்' என்னும் வேர்ச்சொல்லுக்கு உறுதி, அசையாமை என்று பொருள். பாட்டு முடிந்தது என்பதற்கு அடையாளமாக இன்று நமக்கு அது பழகிவிட்டது. பழைய எபிரேயர்களுக்கு அது ஆளைக் கட்டிப்போடும் சொல். உபாகமம் 27-ஆம் அதிகாரத்தில் லேவியர்கள் பன்னிரண்டு சாபங்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்கிறார்கள். அயலானின் எல்லைக்கல்லைத் தள்ளி நடுகிறவன் சபிக்கப்பட்டவன், குருடனுக்கு வழி தப்பச் செய்கிறவன் சபிக்கப்பட்டவன் என்று பட்டியல் போகிறது. ஒவ்வொன்றுக்கும் மக்கள் ஆமென் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு இரவோடு இரவாகக் கல்லை நகர்த்தினால் அந்தச் சாபம் தன் தலையில் விழட்டும் என்று அவனே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

வேதத்துக்கு வெளியிலும் இதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. 1960-இல் இஸ்ரேலின் கடற்கரையில், யாவ்னே-யாம் அருகே ஒரு பழைய கோட்டையின் வாயிலில் எழுத்துள்ள பானை ஓடு ஒன்று கிடைத்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. அறுவடைக் கூலியாள் ஒருவர் அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. என் பங்கை அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டேன், ஆனாலும் சோபாயின் மகன் ஓஷயாகு என் மேலாடையைப் பறித்துக்கொண்டான், கூட வேலை செய்தவர்கள் எனக்காகச் சாட்சி சொல்வார்கள் என்று எழுத வைத்திருக்கிறார். பிறகு நான் குற்றமற்றவன் என்று சொல்லும் இடத்தில், அறிஞர்கள் பலரும் வாசிக்கிறபடி, 'ஆமென்' வருகிறது. முதலில் படித்தபோது எனக்கு வியப்பளித்தது மேலாடையைப் பறித்தவனின் பெயர். ஓஷயாகு என்றால் 'யாவே காப்பாற்றினார்'. ஓசன்னாவின் வேர்தான். இயேசுவின் எபிரேயப் பெயரான 'யேசுவா'வும் அதே வேரில் பிறந்தது.

பிறர் சொன்ன வாக்குக்குக் கீழே கையெழுத்திடுவது ஆமென் என்பதால், என்ன சொல்லப்பட்டது என்று தெரியாமல் அதைச் சொல்லக் கூடாது என்பதில் யூத ஆசான்கள் கண்டிப்பாக இருந்தார்கள். தல்மூது இதில் மூன்று தவறுகளைப் பிரித்துக் காட்டுகிறது. ஆசீர்வாதத்தைக் கேட்காமலே சொல்வது 'அநாதை ஆமென்'. அது முடியும் முன்பே அவசரப்பட்டுச் சொல்வது 'பறித்த ஆமென்'. கடைசி 'ன்'னை விழுங்கிவிடுவது 'அறுந்த ஆமென்'. அதே தல்மூதில் அலெக்சாந்திரியா ஜெபாலயம் பற்றியும் ஒரு செய்தி வருகிறது. கட்டடம் அவ்வளவு பெரியது. முன்னால் ஓதுகிறவரின் குரல் பின்னால் நிற்பவர்களுக்கு எட்டாது. அதனால் நடுவில் ஒரு மரமேடை போட்டு, ஆமென் சொல்ல வேண்டிய நேரத்தில் ஒருவர் துணியை வீசிக் காட்டுவாராம்.

இயேசு இந்த வழக்கத்தையே தலைகீழாக்கினார். பிறர் பேச்சின் முடிவில் சொல்லாமல் தம் பேச்சின் தொடக்கத்தில் ஆமென் என்றார். தமிழ் வேதாகமத்தில் அந்த இடங்களில் 'மெய்யாகவே' என்று இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. கிரேக்கம் எழுதிய பழைய கிறிஸ்தவர்கள் கடிதங்களில் இதை 99 என்ற எண்ணாகவும் குறித்தார்கள். கிரேக்க எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ஆமெனின் எழுத்துகள் 1, 40, 8, 50.

அல்லேலூயாவில் சிக்கல் ஏதும் இல்லை. 'துதியுங்கள்' என்று பலரைப் பார்த்துச் சொல்லும் ஏவலோடு 'யா' என்ற கடவுள் பெயரின் சுருக்கம் சேர்ந்தது.

மிச்சமிருப்பது சேலா. சங்கீதங்களில் 71 முறையும் ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரத்தில் 3 முறையும் வருகிறது. 'நிறுத்தி, சிந்தித்துப் பார்' என்பது இதன் பொருள் என்று இப்போது பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். அவ்வளவு உறுதிக்கு ஆதாரம் கிடையாது. கிறிஸ்துவுக்கு முன்பே சங்கீதங்களைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோன யூதர்கள் 'தியாப்சால்மா' என்று போட்டார்கள். பாட்டுக்கு இடையே வருவது என்பதுபோல் தொனிக்கும் சொல் அது. யூத மரபில் இன்னொரு பொருள் வளர்ந்தது: 'என்றென்றும்'. ஜெரோமும் அதன் பக்கம் சாய்ந்தார். யூதர்களின் ஜெபங்களில் அது இன்றும் அந்தப் பொருளில்தான் ஒலிக்கிறது. 'உயர்த்து' என்னும் வேரிலிருந்து வந்தது என்பது மூன்றாவது கருத்து. உயர்த்த வேண்டியது குரலையா, வாத்தியத்தையா என்பதில் கட்சிகள் உண்டு.

இசைக்கலைஞருக்கு எழுதிவைத்த குறிப்பு என்ற பக்கமே எனக்கு வலுவாகத் தெரிகிறது. சங்கீதங்களுக்கு வெளியே இது வருவது ஆபகூக்கின் ஒரே ஒரு ஜெபத்தில். அந்த ஜெபம் முடிவது பாடகர் தலைவனுக்கு, நரம்புக் கருவிகளோடு என்ற குறிப்போடு. 9-ஆம் சங்கீதத்தில் சேலாவுக்கு முன்னால் 'இகாயோன்' என்று ஒரு சொல் வருகிறது; யாழின் ஒலியைக் குறிக்கவும் எபிரேயத்தில் அதே சொல் உண்டு. இடைநிறுத்தம் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டால் இடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது: 3, 24, 46 ஆகிய சங்கீதங்களில் சேலா கடைசிச் சொல்லாக நிற்கிறது. பாட்டு முடிந்த பிறகு எதை நிறுத்துவது? பாடியவர்கள் வாயை மூடியதும் வாத்தியக்காரர்கள் செய்ய வேண்டியது ஏதோ ஒன்று இருந்திருந்தால், அந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை உண்டு.