டிடி தொலைஞ்சு போச்சா? செக் மாதிரி 'ஸ்டாப்' பண்ண முடியாது... அப்போ என்ன செய்யணும்?

கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்த டிடி கூரியரில் காணாமல் போய்விட்டது. வாடகைக்காகக் கொடுத்த செக்கை வீட்டு உரிமையாளர் எங்கேயோ தவறவிட்டுவிட்டார். இரண்டுக்கும் பலர் செய்வது ஒன்றுதான்: வங்கிக்கு ஓடிப்போய் "சார், இதை ஸ்டாப் பண்ணுங்க" என்று கேட்பார்கள். செக் என்றால் அந்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். டிடி என்றால், "அப்படியெல்லாம் ஸ்டாப் பண்ண முடியாதுங்க" என்ற பதில்தான் கவுண்டரில் கிடைக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? தொலைந்த டிடிக்குப் பதிலாக வேறு டிடி வாங்குவது எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

செக் உங்கள் உத்தரவு, டிடி வங்கியின் வாக்குறுதி

செக் என்பது, 'என் கணக்கில் இருந்து இவருக்கு இவ்வளவு கொடுங்கள்' என்று நீங்கள் வங்கிக்குப் போடும் உத்தரவு. பணம் போய்ச் சேரும் வரை அது உங்கள் கணக்கில்தான் இருக்கும். உத்தரவு போட்டவர் நீங்கள் என்பதால், அதைத் திரும்பப் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு. இதைத்தான் 'ஸ்டாப் பேமென்ட்' என்கிறார்கள்.

டிடி அப்படி இல்லை. அதை எடுக்கும்போதே பணம் உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. 'இந்தப் பெயருக்கு உரியவருக்கு நாங்கள் பணம் தருகிறோம்' என்று அதில் வாக்குக் கொடுப்பது வங்கி. டிடி ஒருவர் கைக்குப் போன பிறகு, 'எனக்கு மனசு மாறிவிட்டது, கொடுக்காதீர்கள்' என்று வாங்கியவர் சொன்னால் வங்கி அதை ஏற்காது. ஆனால் தொலைந்து போனது வேறு விஷயம். அப்போது வங்கி தன் கணினியில் எச்சரிக்கைக் குறிப்பு போட்டு, பணம் போகவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, மாற்று டிடி தரும். அதனால் கவுண்டரில் 'ஸ்டாப் பேமென்ட்' என்று கேட்காமல், 'டூப்ளிகேட் டிடி' வேண்டும் என்று கேட்பதே சரி.

செக் தொலைந்தால்: முதல் வேலை எண்ணைக் கண்டுபிடிப்பது

செக் இலையின் அடியில் இருக்கும் எண் வரிசையில் முதலில் வரும் 6 இலக்கம்தான் செக் எண். அதற்கு அடுத்த 9 இலக்கம் ஊர், வங்கி, கிளை ஆகியவற்றைக் குறிக்கும் எம்ஐசிஆர் குறியீடு. வங்கியின் கணினி ஸ்டாப் பேமென்ட்டை முதலில் செக் எண்ணை வைத்துத்தான் பொருத்திப் பார்க்கும். எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும், தொலைந்த செக் தடையில்லாமல் பாஸ் ஆகிவிடும். வேறொருவருக்குக் கொடுத்த நல்ல செக் திரும்பி வந்துவிடும்.

எண் நினைவில் இல்லையா? செக் புத்தகத்தின் பதிவுத்தாளைப் பாருங்கள். அதிலும் எழுதவில்லை என்றால், முந்தைய இலையின் எண்ணையும் அடுத்த இலையின் எண்ணையும் பார்த்தால் நடுவில் விடுபட்டது எது என்று தெரிந்துவிடும்.

வங்கி ஆப், நெட் பேங்கிங், கிளை என எந்த வழியில் வேண்டுமானாலும் கோரிக்கை கொடுக்கலாம். ஆப்பில் பொதுவாக Cheque Services என்ற பகுதிக்குள் Stop Cheque என்று இருக்கும். அதற்கு முன் கணக்கு அறிக்கையில் அந்த செக் ஏற்கெனவே பாஸ் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பாஸ் ஆகியிருந்தால் ஸ்டாப் பேமென்ட்டால் பயனில்லை. அது மோசடிப் புகாராகப் போக வேண்டிய விஷயம்.

இதில் தாமதம் கூடாது. 2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் வேகம் மாறிவிட்டது. முன்பு ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். இப்போது கிளியரிங் நேரத்துக்குள் வங்கியில் போடப்படும் செக்குகள் ஸ்கேன் ஆனவுடனே அனுப்பப்படுகின்றன. பணம் தர வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி, இல்லை என்று சொல்லியாக வேண்டும். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விட்டால், அதற்குள் பணம் போயிருக்கலாம்.

இன்னொன்று: ஸ்டாப் பேமென்ட் கொடுக்கும் உரிமை செக் எழுதியவருக்கு மட்டுமே. வாடகை செக்கைத் தவறவிட்ட வீட்டு உரிமையாளர் நேராக வங்கிக்குப் போனால் வேலை நடக்காது. அவர் உடனே குடியிருப்பவருக்குச் சொல்ல வேண்டும். குடியிருப்பவர் முதலில் பழைய செக்கை ஸ்டாப் செய்து, அதற்கான உறுதிச் செய்தி வந்த பிறகுதான் புதிய செக் எழுத வேண்டும். வரிசையை மாற்றினால் ஒரே மாத வாடகைக்கு இரண்டு செக் உயிரோடு இருக்கும்.

செக்கைத் தொலைத்தது வங்கியே என்றால்? நீங்கள் கணக்கில் போட்ட செக் வழியில் காணாமல் போனால் பொறுப்பு அந்த வங்கியுடையது. மாற்று செக் வாங்க ஆகும் நியாயமான செலவை அந்த வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்.

டிடி தொலைந்தால்: ஒரு உதாரணம்

தஞ்சாவூரில் இருக்கும் தந்தை ஒருவர், மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக ஜூன் 2-ம் தேதி 25,000 ரூபாய்க்கு டிடி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி முதல்வர் பெயரில், சென்னையில் மாற்றத்தக்கது. கூரியரில் அனுப்புகிறார். 10 நாள் ஆகியும் கல்லூரிக்குப் போய்ச் சேரவில்லை.

அவர் ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம். 20,000 ரூபாய் முதல் எல்லா டிடிகளையும் 'அக்கவுண்ட் பேயீ' கோடு போட்டுத்தான் வங்கிகள் தர வேண்டும். எனவே அதைக் கண்டெடுத்தவர் கவுண்டரில் நீட்டிப் பணம் வாங்க முடியாது. கல்லூரி முதல்வர் பெயரில் உள்ள கணக்கில்தான் அது போய்ச் சேரும். அதைவிடக் குறைந்த தொகைக்கு டிடி எடுப்பவர்கள், அந்தக் கோட்டைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது.

ஜூன் 12-ம் தேதி அவர் டிடி எடுத்த கிளைக்குப் போகிறார். கையில் இருக்க வேண்டியவை: டிடி எடுத்தபோது தந்த ரசீது, அடையாள ஆவணத்தின் நகல், எழுத்து மூலமான விண்ணப்பம். 'டிடி எங்களுக்கு வந்து சேரவில்லை' என்று கல்லூரியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தால் வேலை சுலபமாகும். சில வங்கிகள் போலீஸ் புகார் நகலும் கேட்கும்.

விண்ணப்பத்தை இப்படி எழுதலாம்:

*"ஐயா, எனது சேமிப்புக் கணக்கில் இருந்து கீழ்க்கண்ட டிடியைத் தங்கள் கிளையில் பெற்றேன். கூரியரில் அனுப்பியபோது அது தொலைந்துவிட்டது. பெயருக்குரியவரிடம் சென்று சேரவில்லை.*

*டிடி எண்: (6 இலக்கம்)*
*தேதி: ஜூன் 2*
*தொகை: ரூ.25,000 (இருபத்தைந்தாயிரம் மட்டும்)*
*யார் பெயரில்: (டிடியில் உள்ளபடியே கல்லூரி முதல்வரின் பதவி, கல்லூரியின் பெயர்)*
*மாற்றத்தக்க இடம்: சென்னை*
*வாங்கியவர் பெயர், கணக்கு எண், கைபேசி எண்:*

*இந்த டிடிக்குப் பணம் வழங்கப்படவில்லை என்பதை உறுதி செய்து, எச்சரிக்கைக் குறிப்பு பதிவு செய்து, மாற்று டிடி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தேவையான இழப்பீட்டு உறுதிப் பத்திரம் தரத் தயாராக உள்ளேன்."*

பெயர் என்ற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். டிடியில் 'முதல்வர், இன்ன கல்லூரி' என்று இருந்தால் விண்ணப்பத்திலும் அப்படியே இருக்க வேண்டும். வெறும் கல்லூரி பெயரை மட்டும் எழுதினால், விவரம் ஒத்துவரவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வரும். டிடி எண் தெரியாவிட்டால் கணக்கு அறிக்கையில் பணம் கழிந்த தேதியைச் சொல்லுங்கள். அதை வைத்துக் கிளையில் தேடிக் கொடுப்பார்கள். விண்ணப்பத்தின் நகலில் தேதியுடன் கிளை முத்திரை வாங்க மறக்காதீர்கள். பிறகு எல்லாக் கணக்கும் அந்தத் தேதியில் இருந்துதான்.

இழப்பீட்டு உறுதிப் பத்திரம் எதற்கு?

வங்கி முத்திரைத்தாளில் ஒரு பத்திரம் கேட்கும். 'இன்டெம்னிட்டி பாண்ட்' என்பார்கள். பழைய டிடி, புதிய டிடி இரண்டுக்கும் பணம் போய் வங்கிக்கு நஷ்டம் வந்தால் நான் ஈடு செய்கிறேன் என்பதுதான் அதன் பொருள். எனவே நாலு நாள் கழித்துப் பழைய டிடி கிடைத்துவிட்டால், அதைக் கல்லூரியில் கொடுத்துவிடக் கூடாது. வங்கியிடம்தான் திருப்பித் தர வேண்டும். எந்த மதிப்பில் முத்திரைத்தாள், சாட்சி வேண்டுமா என்பதை முதல் நாளே கிளையில் கேட்டுக்கொண்டால் இரண்டு நடை மிச்சம்.

5,000 ரூபாய் வரையிலான டிடிக்கு, பணம் போகவில்லை என்ற தகவல் மற்ற கிளையில் இருந்து வரும்வரை காத்திருக்காமல் பத்திரத்தின் பேரிலேயே மாற்று டிடி தரலாம் என்பது விதி.

எத்தனை நாளில் கிடைக்கும்?

விண்ணப்பம் பெற்ற இரண்டு வாரத்துக்குள் டூப்ளிகேட் டிடி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. தாமதமானால் அந்த நாட்களுக்கு நிரந்தர வைப்புத்தொகைக்கான வட்டியை வங்கி தர வேண்டும். வாங்கியவரோ, யார் பெயரில் டிடி இருக்கிறதோ அவரோ கேட்டால்தான் இந்தச் சலுகை.

நம் உதாரணத்தில் கெடு ஜூன் 26. வங்கி மேலும் 20 நாள் இழுத்தடித்தால், வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 25,000 ரூபாய்க்குச் சுமார் 82 ரூபாய் வரும். ஆக, அந்த வட்டியை நம்பி உட்கார முடியாது. கல்லூரியின் கடைசித் தேதி ஜூன் 20 என்றால் டூப்ளிகேட்டுக்குக் காத்திருந்தால் சீட் போய்விடும். அந்த நிலையில் கட்டணத்தை ஆன்லைனிலோ புதிய டிடியாகவோ கட்டிவிட்டு, பழைய டிடியை ரத்து செய்து பணத்தைக் கணக்கில் திருப்பித் தரும்படி வங்கியிடம் கேட்பதே வழி. அதற்கும் இதே விவரங்கள், இதே பத்திரம்தான் தேவைப்படும்.

'மூணு மாசத்துல தானா செத்துடுமே' என்று விடலாமா?

செக், டிடி இரண்டுக்கும் அதில் உள்ள தேதியில் இருந்து 3 மாதம்தான் ஆயுள். ஆனால் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக் தொலைந்தால் அந்தக் கணக்கு செல்லாது. யாரிடம் கிடைக்கிறதோ அவர் எந்தத் தேதியையும் நிரப்பலாம். அப்படிப்பட்ட செக்குக்குக் கொடுத்த ஸ்டாப் பேமென்ட்டை விலக்கக் கூடாது. அது காலாவதி ஆகுமா என்று வங்கியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடன் பாக்கியைத் தள்ளிப்போட, 'செக் தொலைந்துவிட்டது' என்று பொய் சொல்லி ஸ்டாப் செய்வதும் தப்பிக்கும் வழி இல்லை. ஸ்டாப் பேமென்ட்டால் திரும்பிய செக்குக்கும் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு வரும் என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கிளையில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம். முத்திரை வாங்கி வைத்த அந்த விண்ணப்ப நகல் அங்கேதான் உதவும்.