டம்ளர் உருளும் மேஜை

ஸ்ரீவராகம் குளத்துக்குப் பக்கத்தில் என் அண்ணன் வீடு. அவன் பெண் ஆறாவது படிக்கிறாள். ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே தெரிந்ததையெல்லாம் வரைந்திருந்தாள். “சித்தப்பா, மேஜை மட்டும் சாஞ்ச மாதிரி இருக்கே, ஏன்?” என்றாள்.

படத்தில் தரை டைல்ஸில் நம்மை விட்டு விலகிப் போகும் கோடுகளை ஸ்கேல் வைத்து நீட்டினோம். எல்லாம் ஜன்னலில் ஒரே புள்ளியில் கூடின. அதுதான் மறைபுள்ளி. மேஜையின் இரண்டு பக்க விளிம்புகளையும் நீட்டினோம். அவையோ சுவர்க் கடிகாரத்துக்கும் மேலே போய்ச் சந்தித்தன! சுவரை ஒட்டிப் போட்ட மேஜை அது. விளிம்பும் டைல்ஸ் கோடும் இணைகோடுகள். இணைகோடுகளுக்கு மறைபுள்ளி ஒன்றுதான். அது மேலே ஏறிவிட்டதால், மேஜையின் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தது போல ஆகிவிட்டது. டம்ளர் வைத்தால் நம் மடிக்கே உருண்டு வரும்.

அந்தப் புள்ளி எந்த உயரத்தில் இருக்கும்? பத்மநாபசுவாமி கோயிலின் சீவேலிப் பிராகாரத்துக்குப் போனால் பார்க்கலாம். வரிசையாகக் கல்தூண்கள். தூரம் போகப் போகக் கூரை இறங்கும், தரை ஏறும். இரண்டும் நெருங்குவது உங்கள் கண்மட்டத்தில். உட்கார்ந்தால் அந்த மட்டமும் கூடவே இறங்கும். அப்பாவுக்கு அது உங்களுடையதைவிட உயரத்தில் இருக்கும்.

சாய்வு நாற்காலியைக் கோணலாகப் போட்டிருந்தால்? அதன் கால்களை இணைக்கும் கோடுகளுக்கு வேறு மறைபுள்ளிகள் உண்டு. அது தப்பில்லை, ஆனால் அவையும் அதே கண்மட்டக் கோட்டில்தான் விழ வேண்டும்.

அடுத்து பீரோ. அதிலிருந்த தப்பைப் பிடிக்க ஒரு கணக்கு போதும். நாற்காலியில் உட்கார்ந்தபோது அவள் கண், தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் இருந்தது. அப்படியானால் தரையில் நிற்கும், அதைவிட உயரமான எந்தப் பொருளையும், அது கிட்டே இருந்தாலும் எட்டே இருந்தாலும், கண்மட்டக் கோடு 100 செ.மீ. உயரத்தில்தான் வெட்டும். படத்தில் பீரோவின் அடியிலிருந்து அந்தக் கோடு வரை அளந்தோம்: 4 செ.மீ. நிஜ பீரோ 200 செ.மீ.; படத்தில் அது 8 செ.மீ. இருக்க வேண்டும். அவள் வரைந்தது 5. கணக்குப்படி 125 செ.மீ. பீரோ! அவளே எட்டி அதன் தலையில் பெட்டி வைக்கலாம்.

மேஜையின் முன்காலிலிருந்து கோடு வரை 12 செ.மீ. இருந்தது. அதாவது பீரோ, மேஜையைப் போல மூன்று மடங்கு தூரத்தில். தூரம் மூன்று மடங்கானால் உயரம் மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். ‘தூரத்தில் இருக்கிறதே, சின்னதாக இருக்கட்டும்’ என்று குத்துமதிப்பாகக் குறுக்கியதில்தான் அவள் ஏமாந்தாள். மேஜையின் நிஜ உயரம் 75 செ.மீ. அதன் முன்கால் எத்தனை செ.மீ. இருக்க வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

8 செ.மீ. பீரோ வரைந்தால் பின்னால் இருந்த காலண்டர் மறைந்துவிடும். தேதியெல்லாம் எழுதி வரைந்த காலண்டர். அழிக்க மனசில்லாமல் பீரோவைப் பக்கத்துச் சுவருக்கு நகர்த்திவிட்டாள்.